360 வினாக்கொத்து நிரப்பியாச்சு, நியம வழு 2.6 என்று வருகிறது, மேற்பார்வையாளர் நம்புகிறார் இல்லை

வரம்போரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதுமாணி ஆய்வு செய்கிறேன். தலைப்பு, திருகோணமலை மாவட்டத்தில் பெரும்போக நெல்லை வெட்டின உடனே ஈரமாகவே வியாபாரிக்கு விற்கிற கமக்காரக் குடும்பங்கள். நான் எடுத்த 48 ஊர்களில் மொத்தம் 3600 குடும்பங்கள். கமநல சேவை நிலையங்களில் வாங்கின பட்டியல்தான். மாதிரி அளவுக்கு யமானே சூத்திரம் போட்டேன்:

```
n = N / (1 + N·e²)
n = 3600 / (1 + 3600 × 0.05²) = 360
```

48 ஊருக்கும் போக என்னிடம் காசும் இல்லை, நாளும் இல்லை. சீட்டுக் குலுக்கி 12 ஊர் எடுத்தேன். ஒவ்வொரு ஊரிலும் பட்டியலில் இருந்து எழுமாற்றாக 30 குடும்பம். 360 வந்துவிட்டது. எஸ்.பி.எஸ்.எஸ். இல் போட்டால் ஈரமாக விற்றவர்கள் 61.7 சதவீதம், நியம வழு 2.6. அதனால் "அரைவாசிக்கு மேல் ஈரமாகவே விற்கிறார்கள்" என்று 4ஆம் அத்தியாயத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மேற்பார்வையாளர் அந்த 2.6 ஐச் சுற்றி வட்டம் போட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். நேரில் கேட்டால் "யோசியுங்கோ" என்கிறார். இரண்டு கிழமையாக யோசிக்கிறேன். 5 சதவீத வழு வரும் என்றுதானே சூத்திரம் போட்டேன், 2.6 வந்தால் நல்லதுதானே? வேணுமென்றால் அதே ஊர்களில் ஊருக்கு 10 பேர் கூட்டி 480 ஆக்கலாம், ஊர்க்காரர் எல்லாரும் இப்போது பழக்கம். அது உதவுமா?

---

மண்வாசனை எழுதியது:

மாதிரி எடுக்கிறது வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் எடுத்துக் கலக்க வேண்டும் தங்கச்சி. அரை அடி ஆழம். வரம்போரமாக எடுக்கக் கூடாது, அங்கே பசளை தேங்கி நிற்கும். உங்கள் பெயரைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

---

வரம்போரம் எழுதியது:

ஐயோ அண்ணா, இது மண் மாதிரி இல்லை. வீடு வீடாகக் கேள்வி கேட்கிற மாதிரி 😅

---

கிண்ணியாத் தோணி எழுதியது:

இதுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. மோர்கன் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 1970 இல் வந்தது. குடித்தொகை 3500 என்றால் 346, 4000 என்றால் 351. நீங்கள் 360 எடுத்திருக்கிறீங்க, தேவைக்கு மேலேயே இருக்கு.

ஒரே குறை, நீங்க ஊர் ஊராகக் கொத்தணியாக எடுத்திருக்கிறீங்க. அப்படி எடுத்தால் இரண்டால் பெருக்க வேண்டும். 720. என்னுடைய ஆய்விலும் அப்படித்தான் போட்டேன், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு 60 பேரைப் பிடியுங்க, வேலை முடிஞ்சுது.

---

கொட்டியாரக்குடா எழுதியது:

நானா சொன்னதில் கொத்தணி என்ற பகுதி சரி. இரண்டால் பெருக்கச் சொன்னது எங்கேயோ இருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தங்கச்சியின் குழப்பம். யமானே சூத்திரத்தில் இருக்கும் e நியம வழு இல்லை. அது ± ஆகச் சொல்கிற எல்லை, ஏறத்தாழ நியம வழுவின் இரண்டு மடங்கு. நீங்களே போட்டுப் பாருங்கோ. மிக மோசமான நிலை என்று பாதிக்குப் பாதி எடுத்தால் 360 பேருக்கு நியம வழு 0.0264. 3600 இல் 360 பேரை, பத்தில் ஒரு பங்கை, ஏற்கனவே பார்த்துவிட்டதால் அதை √0.9 ஆல் குறைக்கலாம். 0.025 வரும். இரண்டால் பெருக்கினால் 0.05. சூத்திரம் இந்தக் கணக்கைத்தான் தலைகீழாகச் செய்கிறது, வேறு மந்திரம் இல்லை. ஆகவே உங்களுக்கு 2.6 வந்ததில் அதிசயமே இல்லை. 360 என்று உள்ளே போட்டீர்கள், 360 வெளியே வந்தது.

இப்போது மேற்பார்வையாளரின் வட்டம். அந்தச் சூத்திரமும் எஸ்.பி.எஸ்.எஸ். இன் சாதாரண மெனுவும் ஒரே விஷயத்தை நம்புகின்றன: 3600 பெயரையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கி 360 எடுத்தீர்கள் என்று. நீங்கள் குலுக்கினது 48 சீட்டு. எடுத்தது 12.

ஊர்வாரியாக, முப்பதில் எத்தனை பேர் ஈரமாக விற்றார்கள் என்று இங்கே போட முடியுமா? ஊர்ப் பெயர் வேண்டாம். வெறும் 12 எண் போதும்.

---

வரம்போரம் எழுதியது:

28, 25, 9, 17, 22, 6, 27, 14, 19, 24, 11, 20.

போட்டுவிட்டு நானே பார்த்தேன். 6 உம் 28 உம் ஒரே மாவட்டம் என்று நம்ப முடியவில்லை.

---

கொட்டியாரக்குடா எழுதியது:

நம்பலாம். 28 வந்த ஊர் குளத்துப் பாய்ச்சல், 6 வந்த ஊர் மானாவாரி. சரியா?

---

வரம்போரம் எழுதியது:

சரி அண்ணா! எப்படித் தெரியும்? 28 வந்தது கந்தளாய்க் குளத்து வாய்க்காலில் தம்பலகாமம் பக்கத்து ஊர். 9, 6, 11 மூன்றும் மானாவாரி.

---

கொட்டியாரக்குடா எழுதியது:

வாய்க்கால் ஊரில் தண்ணீர் ஒரே நாளில் திறக்கும், ஒரே கிழமையில் விதைப்பார்கள், ஒரே கிழமையில் விளையும். வெட்டுகிற மெசின் வெளியில் இறங்கினால் இந்த வயல், அடுத்த வயல் என்று வரிசையாக வெட்டிக்கொண்டு போகும். பின்னாலேயே லொறி நிற்கும். உங்கள் பக்கத்து வயற்காரன் ஈரமாகக் கொடுத்தால் நீங்களும் கொடுப்பீர்கள். மறுநாள் லொறி அங்கே இருக்காது, காயப்போடக் களமும் இல்லை. ஆக அந்த ஊரில் முதல் ஐந்து பேரைக் கேட்டவுடனேயே மிச்ச 25 பேரின் பதில் ஓரளவு தெரிந்துவிடும். அந்த 25 வினாக்கொத்தும் புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான்.

மானாவாரி ஊரில் கதை மறுபக்கம். விளைச்சல் குறைவு, வீட்டுச் சாப்பாட்டுக்கு மூடை கட்டிவைப்பார்கள். அங்கேயும் முப்பது பேரும் ஒரே மாதிரி.

இப்போது கணக்கு. 360 பேரை மறந்துவிடுங்கோ. உங்களிடம் 12 எண்தான் இருக்கிறது என்று நினையுங்கோ. அவற்றின் சராசரி 18.5. ஒவ்வொரு எண்ணும் சராசரியில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, வர்க்கித்து, கூட்டினால் 575. அதை 11 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகல் 7.23. முப்பதால் வகுத்தால் 0.241. இதை √12 ஆல் வகுத்தால் 0.0696.

உங்கள் நியம வழு 2.6 இல்லை தங்கச்சி, ஏறத்தாழ 7.

± எல்லைக்கு 1.96 ஆல் பெருக்கவும் முடியாது. ஊர் 12 தான் என்பதால் சுயாதீனப் பாகை 11, அதற்கு t அட்டவணையில் 2.20. அப்போது ±15.3. ஈரமாக விற்றவர்கள் 46 இல் இருந்து 77 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். "அரைவாசிக்கு மேல்" என்ற உங்கள் வசனம் 57 தொடக்கம் 67 வரை என்று நம்பி எழுதியது. 46 உள்ளே வந்துவிட்டால் அந்த வசனம் நிற்காது. வட்டம் அதற்குத்தான்.

---

வரம்போரம் எழுதியது:

தலை சுற்றுகிறது. மூன்று மாதம் ஸ்கூட்டியில் அலைந்தது. 360 வீட்டுக்கும் நானே போனேன்.

---

கொட்டியாரக்குடா எழுதியது:

அலைந்தது வீண் இல்லை. 0.0696 ஐ உங்கள் பழைய 2.6 சதவீதத்தால், துல்லியமாக 0.0256 ஆல், வகுத்து வர்க்கித்தால் 7.4 வரும். இதைத்தான் டிசைன் எபெக்ட், சுருக்கமாக டெஃப் என்கிறார்கள். 360 ஐ இதால் வகுத்தால் 49. இந்த ஒரு கேள்விக்கு மட்டும், உங்கள் 360 வீடு, மாவட்டம் முழுக்கச் சிதறி எடுத்த 49 வீட்டுக்குச் சமம்.

"இந்த ஒரு கேள்விக்கு மட்டும்" என்பதைக் கவனியுங்கோ.

நானா சொன்ன இரண்டு பற்றி. அது பெரும்பாலும் தடுப்பூசிக் கணக்கெடுப்பில் இருந்து பரவினது. உலக சுகாதார அமைப்பின் பழைய முறை: 30 கொத்தணி, ஒவ்வொன்றிலும் 7 பிள்ளைகள், மொத்தம் 210. ±10 போதும் என்று வைத்து டெஃப் 2 என்று எடுத்தார்கள். கொத்தணிக்கு ஏழே பேர், கேள்வி தடுப்பூசி. அங்கே பொருந்தினது முப்பது பேர் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற ஊரில் பொருந்த வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

---

கிண்ணியாத் தோணி எழுதியது:

சரி, இரண்டை வாபஸ் வாங்குறேன். ஆனா ஊருக்கு 60 பேர் எடுத்தால் வழு குறையும்தானே? ஆள் கூடினால் வழு குறையும் என்பது பொதுவிதி.

---

கொட்டியாரக்குடா எழுதியது:

தங்கச்சியின் 480 திட்டத்தையே போட்டுப் பார்ப்போம். ஒரே ஊருக்குள் ஆட்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதற்கு ஓர் எண் உண்டு. டெஃப் 7.4 இல் இருந்து ஒன்றைக் கழித்து 29 ஆல் வகுத்தால் 0.22. இப்போது ஊருக்கு 40 பேர் என்றால் டெஃப் 1 + 39 × 0.22, அதாவது 9.6. ஆள் 480, ஆனால் டெஃபும் ஏறிவிட்டது. நியம வழு 6.96 இல் இருந்து 6.87 க்கு இறங்கும்.

120 வீடு ஏறி இறங்கி, 0.09.

அதே 120 வினாக்கொத்தை, மிச்சமுள்ள 36 ஊரில் இருந்து இன்னும் 12 ஊர் குலுக்கி எடுத்து, ஊருக்குப் பத்தாகப் பிரித்தால்? ஊர்கள் 24 ஆகும். இதே 0.22 நிலைக்கும் என்று வைத்தால் நியம வழு ஏறத்தாழ 5.2, பாகை 23 என்பதால் ± எல்லை 11 க்குக் கிட்ட. பெற்றோல் செலவு கூடத்தான் செய்யும். வேறு வழி இல்லை.

முதலிலேயே கேட்டிருந்தால் 12 ஊரில் 30 க்குப் பதிலாக 30 ஊரில் 12 என்று சொல்லியிருப்பேன். வினாக்கொத்து அதே 360.

---

சேருவில மாடு எழுதியது:

என் அனுபவம் வேறு. பால்மாடு வைத்திருப்பவர்களை வைத்து ஒன்று செய்தேன், நானும் ஊர் ஊராகத்தான் எடுத்தேன். இப்படிக் கணக்குப் பார்த்தால் எனக்கு டெஃப் ஒன்றே கால் கூட வரவில்லை. ஊருக்கு ஊர் பால் அளவு பெரிதாக மாறவில்லை, வீட்டுக்கு வீடுதான் மாறியது. ஒருவர் தவிடு வாங்கிப் போடுவார், அடுத்த வீட்டுக்காரர் காலையில் அவிழ்த்துவிட்டால் மாடு பின்னேரம் தானாக வரும். அதனால் எல்லாரையும் இப்படிப் பயமுறுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

---

கொட்டியாரக்குடா எழுதியது:

பயமுறுத்தவில்லை. நீங்கள் சொன்னது மிகச் சரி, நான் சொன்னதற்கும் அதுதான் காரணம். டெஃப் ஆய்வுக்கு ஒன்று இல்லை, கேள்விக்கு ஒன்று. தங்கச்சி, உங்கள் தரவிலேயே குடும்பத் தலைவரின் வயதை எடுத்து இரண்டு விதமாகவும் நியம வழு போட்டுப் பாருங்கோ.

---

வரம்போரம் எழுதியது:

பார்த்தேன். வயதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடன் எடுத்தாரா என்ற கேள்விக்கு நடுவில் நிற்கிறது. தண்ணீர், அறுவடை, விற்பனை சம்பந்தப்பட்டது எல்லாம் பெரிசு.

இன்னொரு சந்தேகம். ஊர்கள் ஒரே அளவில்லை. ஒன்றில் 150 குடும்பம், இன்னொன்றில் 40 தான். இரண்டிலும் 30 எடுத்திருக்கிறேன்.

---

கொட்டியாரக்குடா எழுதியது:

இதைத்தான் அடுத்ததாகக் கேட்க இருந்தேன். நான் மேலே போட்டது எல்லா ஊரையும் ஒரே நிறையில் வைத்த கணக்கு, நோய் எவ்வளவு பெரிது என்று காட்ட மட்டும். 48 இல் 12 சீட்டு என்பதால் ஒவ்வொரு ஊரும் 4 ஊரைக் குறிக்கிறது. 40 குடும்ப ஊரில் நீங்கள் கேட்ட ஒருவர் 4 × 40 / 30, அதாவது 5.3 குடும்பத்துக்காகப் பேசுகிறார். 150 குடும்ப ஊரில் ஒருவர் 20 பேருக்காகப் பேசுகிறார். இந்த எண்ணை w என்று ஒரு நிரலில் எழுதி, ஆர் மென்பொருளில் இப்படிப் போடுங்கோ:

```r
library(survey)
vd <- svydesign(ids = ~gn, weights = ~w, data = vayal)
m <- svymean(~eeram, vd)
confint(m, df = degf(vd))
```

`gn` என்பது ஊர் இலக்கம். அதை விட்டுவிட்டு `ids = ~1` என்று போட்டால் பழைய குருடி கதவைத் திறடி தான், கொத்தணியை மறந்த வழு திரும்ப வந்துவிடும். `eeram` என்ற நிரலில் ஈரமாக விற்றவருக்கு 1, மற்றவருக்கு 0.

---

பழைய கமநலம் எழுதியது:

பிள்ளை, நான் கமநல சேவையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வர்க்கமூலம் எனக்கு விளங்காது. ஒன்று கேட்கிறேன். பட்டியலில் இருக்கும் 3600 பேரும் உண்மையில் வயல் செய்கிறவர்களா?

நான் இருந்த காலத்தில் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், வரம்பில் மண்வெட்டியோடு நிற்பவர் வேறொருவர். காணிக்காரர் கொழும்பில் இருப்பார், வெளிநாட்டில் இருப்பார், சிலர் மோசம் போயே பத்து வருஷம். குத்தகைக்குச் செய்கிறவன் பசளை மானியத்துக்கு நாயாய் அலைவான், பட்டியலில் அவன் இல்லை. இன்னொரு பக்கம் தகப்பன், மகன், மருமகன் மூன்று பெயர், அடுப்பு ஒன்று. நீங்கள் அங்கே போய் யாரைக் கேட்டீர்கள்?

---

வரம்போரம் எழுதியது:

ஐயா, பட்டியலில் உள்ளவர் ஊரில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வயல் செய்கிறவரைக் கேட்டேன். ஒரு 40 பேர் அப்படி இருக்கும். குத்தகைக்காரர் பட்டியலில் இருந்தால்தான் என் கணக்கில் வந்திருப்பார்.

---

பழைய கமநலம் எழுதியது:

குத்தகைக்காரன் நெல்லைக் காயவைத்து விலைக்குக் காத்திருக்க மாட்டான். குத்தகை நெல் அளக்க வேண்டும், மெசின் காசு கொடுக்க வேண்டும், கடைக் கடன் இருக்கும். ஈரமாகக் கொடுக்கிறதில் முதல் ஆள் அவன்தான். அவனை விட்டுவிட்டு எத்தனை சதவீதம் என்று எழுதினால் அது யாருடைய சதவீதம்?

---

கொட்டியாரக்குடா எழுதியது:

ஐயா சொன்னது நான் சொன்ன எல்லாவற்றையும் விட மோசமான விஷயம். நியம வழு என்பது சீட்டுக் குலுக்கினதால் வரும் ஆட்டம் மட்டும். பெட்டிக்குள் போடாத சீட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 24 ஊர் இல்லை, 48 ஊருக்கும் போனாலும் குத்தகைக்காரர் இல்லாத பட்டியல் அப்படியேதான் இருக்கும். நியம வழு மட்டும் அழகாகக் குறைந்து நிற்கும்.

புதிய 12 ஊருக்குப் போகும்போது, பத்துப் பேரைத் தெரிவதற்கு முன், பட்டியலை வட்டவிதானையிடம் காட்டி ஒவ்வொரு துண்டையும் இந்தப் போகம் யார் செய்தார் என்று கேட்டுத் திருத்துங்கோ. கமக்காரர் அமைப்புச் செயலாளரிடமும் கேளுங்கோ, இருவரும் ஒரே பெயரைச் சொல்ல மாட்டார்கள். அரை நாள் போகும். திருத்தின பட்டியலுக்கும் பழைய பட்டியலுக்கும் எத்தனை பெயர் வித்தியாசம் என்று எண்ணி எழுதுங்கோ, பழைய 12 ஊரில் எவ்வளவு விடுபட்டிருக்கலாம் என்று சொல்ல அது ஒன்றுதான் வழி.

புதிய ஊர்களைக் குலுக்கும்போது பாய்ச்சல் ஊர், மானாவாரி ஊர் என்று இரண்டு பெட்டியாகப் பிரிக்கலாம், பெரிய வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. அப்படிச் செய்தால் w மாறும். எந்தப் பெட்டியில் எத்தனை சீட்டு இருந்தது, எத்தனை எடுத்தீர்கள் என்று அன்றைக்கே கொப்பியில் எழுதிவையுங்கோ.

---

கிண்ணியாத் தோணி எழுதியது:

ஒரு கேள்வி, இதை விட மாட்டேன். முதல் பதிவில் பத்தில் ஒரு பங்கைப் பார்த்ததுக்கு √0.9 ஆல் குறைச்சீங்க. இங்க 48 ஊரில் 12, கால்வாசி. √0.75 ஆல் பெருக்கினால் 7 என்பது 6 ஆகும். ஏன் விட்டீங்க?

---

கொட்டியாரக்குடா எழுதியது:

நல்ல கேள்வி நானா. செய்யலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குறைப்பு ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான், ஊருக்குள் 30 பேரை எடுத்ததால் வரும் பகுதிக்குத் தனிக் கணக்கு. ஆக 6 ஐ விடக் கொஞ்சம் கூட நிற்கும். அதோடு, தங்கச்சி பேசுவது இந்த 48 ஊரின் இந்தப் போகத்தைப் பற்றி மட்டுமா, அல்லது வருகிற போகங்களுக்கும் சேர்த்தா? பின்னையது என்றால் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

---

கிண்ணியாத் தோணி எழுதியது:

தலைப்பில் மாவட்டமும் பெரும்போகமும்தான் இருக்கு, வருகிற போகம் இல்லை. நான் குறைப்பேன்.

---

சேருவில மாடு எழுதியது:

நான் குறைக்கவில்லை. பரீட்சகர் ஏன் குறைக்கவில்லை என்று கேட்டார். குறைத்திருந்தால் ஏன் குறைத்தாய் என்று கேட்டிருப்பார்.

---

வரம்போரம் எழுதியது:

ஆரில் போட்டேன். நிறை போட்டதும் 61.7 என்பது 58 ஆகிவிட்டது, பெரிய ஊர்கள் இரண்டு மானாவாரி என்பதால். நியம வழு 7.5. எல்லை 41 இல் இருந்து 75 வரை. "அரைவாசிக்கு மேல்" வசனத்தை வெட்டிவிட்டேன். 2.6 க்குப் பக்கத்தில் இரண்டையும் அட்டவணையாகப் போட்டு மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். "இப்ப சரி, ஊரைக் கூட்டுங்கோ" என்று ஒரு வரி வந்தது.

இன்னும் 12 ஊர் குலுக்கியாச்சு. பாய்ச்சலில் 7, மானாவாரியில் 5. இரண்டு வெருகல் பக்கம் விழுந்திருக்கிறது, ஒரு நாளில் போய்வர ஏலாது. அறுவடை முடிந்து மாதங்கள் போய்விட்டதால் கேட்டால் ஞாபகம் இருக்குமா என்பதும் ஒரு பயம்.

---

பழைய கமநலம் எழுதியது:

ஈரமாகக் கொடுத்தோமா காயவைத்தோமா என்பது மறக்காது பிள்ளை. விலைதான் மறக்கும், அதுவும் கூட்டித்தான் சொல்வார்கள். ஈரத்துக்கு மூடைக்கு எத்தனை கிலோ கழித்தான் என்று கேட்டுப்பாருங்கோ, அதை மட்டும் ஒருத்தரும் மறக்க மாட்டார்கள். வெருகல் பக்கம் எனக்குத் தெரிந்த வட்டவிதானை ஒருவர் இருக்கிறார், தனிமடலில் கேளுங்கோ.

---

மண்வாசனை எழுதியது:

அப்படியே அங்கே மண்ணும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாங்கோ.